31 கோடி அழைப்பு, 225 கேள்வி: உங்கள் ரிகர்ஷன் ஏன் நேரத்தைத் தாண்டுகிறது

அன்புள்ள இரண்டாம் ஆண்டு தம்பி, தங்கைகளுக்கு,

மூன்றாவது லேப் கணக்கில் உங்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு `Time Limit Exceeded` என்று வந்திருக்கிறது. புதன்கிழமை லேப் முடிந்து கிளம்பும்போது ஒரு தம்பி கதவருகே நின்று, "அக்கா, ரிகர்ஷனே ஸ்லோதானே? லூப் போட்டாத்தான் பாஸ் ஆகுமா?" என்று கேட்டான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் "அப்படி இல்லப்பா" என்பதோடு ஓடிவிட்டேன். அந்தப் பாதிப் பதிலின் மீதிதான் இந்தக் கடிதம். வியாழக்கிழமை இரவு உங்கள் நிரல்கள் மூன்றை எடுத்து, ஒவ்வொன்றையும் பிரித்துப் போட்டு, எங்கே நேரம் போகிறது என்று எண்ணிப் பார்த்தேன். பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். யாருடைய நிரல் என்று சொல்லப் போவதில்லை, எழுதியவர்களுக்கே தெரியும்.

முதலில் கணக்கு என்ன என்று ஒரு முறை. இரண்டு சொற்கள் தரப்படும், ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் 2000 எழுத்து. இரண்டிலும் பொதுவாக, அதே வரிசையில் வரும் எழுத்துகளின் மிக நீளமான தொடர் எவ்வளவு நீளம்? எழுத்துகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை, முன்பின் மாறக் கூடாது, அவ்வளவுதான். `MADURAI`, `MUMBAI` என்று கொடுத்தால் M, U, A, I என்று நான்கு எழுத்து தேறும், விடை 4. நேர வரம்பு 1 நொடி, நினைவக வரம்பு 256 எம்.பி.

உங்களில் பெரும்பாலானவர்கள் எழுதியது இதுதான்:

```cpp
int f(int i, int j) {
    if (i == n || j == m) return 0;
    if (a[i] == b[j]) return 1 + f(i + 1, j + 1);
    return max(f(i + 1, j), f(i, j + 1));
}
```

இதில் தர்க்கப் பிழை ஒன்றும் இல்லை. முதல் எழுத்துகள் ஒத்துப்போனால் இரண்டையும் எடுத்துக்கொண்டு நகர்கிறோம். ஒத்துப்போகாவிட்டால் இதிலிருந்து ஒன்றைத் தள்ளிப் பார்க்கிறோம், அதிலிருந்து ஒன்றைத் தள்ளிப் பார்க்கிறோம், பெரியதை வைத்துக்கொள்கிறோம். விடை எப்போதும் சரியாக வரும். எப்போது வரும் என்பதுதான் பிரச்சினை.

`MADURAI`, `MUMBAI` போட்டால் எண்டர் தட்டிய கையை எடுப்பதற்குள் 4 வந்துவிடுகிறது. அதனால்தான் "என் லேப்டாப்பில் ஓடுதே அக்கா" என்கிறீர்கள். ஓடும். அந்த இரண்டு சொற்களுக்கு இந்த ஃபங்ஷன் ஆயிரம் முறைகூட அழைக்கப்படுவதில்லை. முதல் எழுத்து M இரண்டிலும் ஒத்துப்போவதால் வேலை அங்கேயே பாதிக்கு மேல் குறைந்துவிடுகிறது. இரண்டு சொல்லும் ஒரே சொல்லாக இருந்தால் இன்னும் சுகம்: 2000 எழுத்துக்கு 2001 அழைப்பு, முடிந்தது. உங்களில் சிலர் பெரிய உள்ளீட்டுக்குச் சோதனை என்று `a`-வை 2000 முறை அடித்து இரண்டு பக்கமும் கொடுத்துப் பார்த்திருக்கிறீர்கள். அது இந்த நிரலுக்கு மிகவும் பிடித்த உள்ளீடு. சோதிக்க வேண்டியது அதற்கு நேர் எதிரானதை: ஒரு பக்கம் முழுக்க `A`, இன்னொரு பக்கம் முழுக்க `B`. ஒத்துப்போகும் எழுத்தே கிடையாது, ஒவ்வொரு அழைப்பும் இரண்டாகப் பிரியும்.

சரி, எண்ணுவோம். ஃபங்ஷனின் முதல் வரியாக `cnt++` என்று ஒன்றைச் செருகி, `A`-க்களும் `B`-க்களும் கொடுத்து, நீளத்தை ஒவ்வொன்றாக ஏற்றினேன். 5 எழுத்துக்கு 503 அழைப்பு. 10 எழுத்துக்கு 3,69,511. 15 எழுத்துக்கு 31,02,35,039, அதாவது 31 கோடி. 16 எழுத்துக்கு 120 கோடி. 17 எழுத்துக்கு 37 கோடி.

17-க்குக் குறைந்துவிட்டதே என்று ஐந்து நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் உறைத்தது, `cnt`-ஐ `int` என்று அறிவித்திருக்கிறேன். `int`-இல் 214 கோடிக்கு மேல் கொள்ளாது. உண்மையான எண்ணிக்கை 466,72,12,439. அது ஒரு சுற்று சுற்றி வந்து 37,22,45,143 என்று நின்றிருக்கிறது. எதிர்ம எண்ணாக வந்திருந்தாலாவது உடனே பிடித்திருப்பேன். நீங்கள் எண்ணும்போது `long long` போடுங்கள்.

ஒவ்வொரு எழுத்து கூடும்போதும் எண்ணிக்கை ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. இரண்டு சொல்லும் n எழுத்து, பொது எழுத்தே இல்லை என்றால் அழைப்புகளின் எண்ணிக்கை 2 × C(2n, n) − 1. பதினொன்றாம் வகுப்பில் ஈருறுப்புத் தேற்றத்தில் பார்த்த அதே C தான். இதை வைத்து ஓட்டாமலே மேற்கொண்டு கணக்குப் போடலாம். நொடிக்கு 10 கோடி அழைப்பு என்று தோராயமாக வைத்துக்கொள்வோம். 20 எழுத்துக்கு 46 நிமிடம். 25 எழுத்துக்கு 29 நாள். 30 எழுத்துக்கு 75 வருடம். உங்கள் கணக்கில் வரம்பு 2000 எழுத்து. "சர்வர் ஸ்லோ அக்கா, இன்னொரு தடவை சப்மிட் பண்ணிப் பாக்கறேன்" என்று ஒரே நிரலை ஒன்பது முறை அனுப்பியவர் இந்தப் பத்தியை மட்டும் இரண்டு முறை படிக்கவும்.

ஏன் இப்படி வீங்குகிறது? மொத்த எண்ணிக்கையைப் பார்த்தால் பிடிபடாது. எந்த (i, j) எத்தனை முறை கேட்கப்படுகிறது என்று தனித்தனியாக எண்ண வேண்டும். `cnt++` இருந்த இடத்தில் `seen[i][j]++` என்று மாற்றி, 4 எழுத்துக்கு அட்டவணையை அச்சிட்டேன்:

```
1  1  1  1
1  2  3  4
1  3  6 10
1  4 10 20
```

பார்த்ததும் அடையாளம் தெரிந்திருக்கும். பாஸ்கல் முக்கோணத்தைச் சாய்த்து வைத்தது போல இருக்கிறது. காரணம் எளிது. (0,0)-இலிருந்து கிளம்பி ஒவ்வொரு அடியும் கீழே அல்லது வலப்பக்கம் போகிறோம். (1,1)-க்கு முதலில் கீழே போய் வலப்பக்கம் திரும்பியும் வரலாம், முதலில் வலப்பக்கம் போய்க் கீழே இறங்கியும் வரலாம். இரண்டு வழி, இரண்டு முறை கேட்கப்படுகிறது. ஒரு கட்டத்துக்கு எத்தனை வழி இருக்கிறதோ அத்தனை முறை அந்தக் கேள்வி எழுகிறது. (3,3)-க்கு 20 வழி. 15 எழுத்துச் சொற்களில் கடைசிக் கட்டமான (14,14)-க்கு 4,01,16,600 வழி.

அந்தக் கட்டத்தில் கேட்கப்படுவது என்ன? "முதல் சொல்லின் கடைசி எழுத்தும் இரண்டாவது சொல்லின் கடைசி எழுத்தும் ஒன்றா?" அவ்வளவுதான். `A`-வும் `B`-யும் ஒன்றா என்று உங்கள் நிரல் நான்கு கோடி முறை கேட்கிறது, நான்கு கோடி முறையும் இல்லை என்ற பதிலை வாங்கிக்கொள்கிறது, வாங்கியதை உடனே மறந்துவிடுகிறது. மொத்தத்தில் இருப்பது 15 × 15, அதாவது 225 வெவ்வேறு கேள்விகள். அதற்கு 31 கோடி அழைப்பு.

தம்பிக்குச் சொல்ல நினைத்தது இதுதான். தன்னைத் தானே அழைக்கும் ஃபங்ஷன் என்பதால் இது மெதுவாக ஓடவில்லை. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பதால்தான் தாமதம். பதிலைக் குறித்து வைத்துக்கொண்டால் ரிகர்ஷனாகவே இருந்தாலும் பாஸ் ஆகிவிடும். இப்படிக் குறித்து வைப்பதற்கு மெமோ என்று பெயர் வைத்தவர் டொனால்ட் மிக்கி, 1968-இல். ஆபீசில் லேட்டாகப் போனால் கையில் கொடுப்பார்களே, அந்த மெமோ இல்லை. ஞாபகத்துக்கு எழுதி வைக்கும் குறிப்பு.

இதுவரை சொன்னதில் பாதி உங்களில் பலருக்கு வகுப்பிலேயே தெரிந்திருக்கும். மெமோவும் போட்டிருக்கிறீர்கள். போட்டும் நேரம் தாண்டியிருக்கிறது. வியாழக்கிழமை இரவு என்னை அதிக நேரம் உட்கார வைத்தவை அந்த நிரல்கள்தான்.

முதலாவது இது:

```cpp
int memo[2001][2001];

int f(int i, int j) {
    if (i == n || j == m) return 0;
    if (memo[i][j]) return memo[i][j];
    if (a[i] == b[j]) return memo[i][j] = 1 + f(i + 1, j + 1);
    return memo[i][j] = max(f(i + 1, j), f(i, j + 1));
}
```

பார்க்க ஒரு குறையும் இல்லை. ஒன்றைத் தவிர மற்ற எல்லா டெஸ்ட் கேஸும் பாஸ். அந்த ஒன்று மட்டும் நேரம் தாண்டுகிறது. எழுதியவர், அந்த ஒரு உள்ளீட்டில் ஏதோ கோளாறு, சரிபார்க்க வேண்டும் என்று எனக்குக் குறிப்பும் எழுதியிருந்தார். கேட்டதில் தப்பில்லை, நானும் முதலில் போய் உள்ளீட்டைத்தான் திறந்து பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்க `A`, இன்னொரு பக்கம் முழுக்க `B`. உள்ளீடு சரியாகத்தான் இருந்தது.

15 எழுத்தோடு ஓட்டி `cnt`-ஐப் பார்த்தேன். 31,02,35,039. மெமோ இல்லாமல் வந்த அதே எண், ஓர் அழைப்புகூடக் குறையவில்லை. அப்படியானால் மெமோ என்று ஒன்று இருக்கிறதே தவிர ஒரு தடவைகூடப் பயன்படவில்லை.

நான்காவது வரியைப் பாருங்கள். `if (memo[i][j])` என்றால், அங்கே பூஜ்யம் அல்லாத ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள் என்று பொருள். ஆரம்பத்தில் அட்டவணை முழுக்கப் பூஜ்யம், ஆகவே பூஜ்யம் என்றால் இன்னும் பார்க்கவில்லை என்று எழுதியவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் இந்தக் கணக்கில் பூஜ்யம் ஒரு நிஜமான விடை. `A`-க்களுக்கும் `B`-க்களுக்கும் பொது எழுத்தே இல்லை. எல்லாக் கட்டத்துக்கும் விடை 0. நிரல் பாடுபட்டுக் கண்டுபிடித்து 0 என்று எழுதி வைக்கிறது. அடுத்த முறை வந்து பார்க்கிறது, 0 இருக்கிறது, சரி இன்னும் பார்க்கவில்லை போலிருக்கிறது என்று மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. வாடகை வாங்கியவர் நோட்டில் தொகையை எழுதாமல் காலியாக விட்டுவிட்டு, அடுத்த நாளும் வந்து கேட்பது போல.

மற்ற டெஸ்ட் கேஸ்கள் எப்படிப் பாஸ் ஆயின? சாதாரணச் சொற்களில் பெரும்பாலான கட்டங்களில் ஏதாவது ஓர் எழுத்தாவது பொதுவாக இருக்கும், விடை 1 அல்லது அதற்கு மேல் இருக்கும், மெமோ வேலை செய்யும். சொற்களின் வால் பகுதியில் மட்டும் கொஞ்சம் பூஜ்யம் வரும். அந்தச் சிறு மூலையில் திரும்பத் திரும்பக் கேட்டாலும் நேரம் பெரிதாகத் தெரியாது. மூலை 15 × 15 அளவுக்குப் பெரிதானால் தெரிய ஆரம்பிக்கும். அதனால்தான் இந்தப் பிழை பல மாதம் ஒளிந்திருந்து ஒரு நாள் வெளியே வருகிறது. என் இளங்கலைக் காலத்தில் நானும் இதையே எழுதியிருக்கிறேன், அன்று இரவு ஒரு மணி வரை உட்கார்ந்து கம்பைலரைத் திட்டியிருக்கிறேன்.

திருத்தம் சின்னது. விடையாக வரவே முடியாத ஓர் எண்ணைக் காலி என்பதற்கு அடையாளமாக வையுங்கள். நீளம் எதிர்மமாக இருக்க முடியாது, ஆகவே −1.

```cpp
memset(memo, -1, sizeof memo);   // main-இல், தொடக்கத்தில்

int f(int i, int j) {
    if (i == n || j == m) return 0;
    int &r = memo[i][j];
    if (r != -1) return r;
    if (a[i] == b[j]) return r = 1 + f(i + 1, j + 1);
    return r = max(f(i + 1, j), f(i, j + 1));
}
```

15 எழுத்துக்கு `cnt` இப்போது 451. காகிதத்திலும் சரிபார்க்கலாம்: 225 கட்டம், ஒவ்வொன்றும் ஒரே முறை வேலை செய்து இரண்டு அழைப்பு விடுகிறது, அது 450. `main`-இலிருந்து வந்த முதல் அழைப்பைச் சேர்த்தால் 451. 2000 எழுத்துக்கு 80,00,001. ஒரு நொடிக்குள் தாராளமாக அடங்கும்.

இடையில் ஒரு வார்த்தை. `memset`-க்கு −1 கொடுத்தால் சரியாக வருவதைப் பார்த்து, வேறொரு கணக்கில் 1 கொடுத்தாலும் வரும் என்று நம்பிவிடாதீர்கள். அது ஒவ்வொரு பைட்டாக நிரப்பும். `memset(memo, 1, ...)` என்றால் ஒவ்வொரு கட்டத்திலும் 16843009 உட்கார்ந்திருக்கும். 0-வும் −1-உம் மட்டும் எல்லாப் பைட்டும் ஒன்றாக இருப்பதால் தப்பிக்கின்றன.

அடுத்த நிரல். இங்கே −1 எல்லாம் சரியாக வைத்திருக்கிறது. `cnt` பார்த்தேன், 15 எழுத்துக்கு 451, கச்சிதம். ஆனாலும் 2000 எழுத்து டெஸ்ட் கேஸில் நேரம் தாண்டுகிறது. அழைப்புகளின் எண்ணிக்கை சரியாக இருந்தும் நேரம் போகிறது என்றால், ஒவ்வோர் அழைப்பும் கனமாக இருக்கிறது என்று அர்த்தம். முதல் வரியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது:

```cpp
int f(string a, string b, int i, int j)
```

ஜாவாவிலோ பைத்தானிலோ பழகியவர்களுக்கு இதில் தப்பு தெரியாது. அங்கே சொல்லைக் கொடுத்தால் அதன் முகவரிதான் போகும். சி++-இல் இப்படி எழுதினால் ஒவ்வோர் அழைப்புக்கும் இரண்டு சொற்களும் புதிதாக நகல் எடுக்கப்படும். ஓர் அழைப்புக்கு 4000 எழுத்து. 80 லட்சம் அழைப்புக்கு 3200 கோடி எழுத்து. ஒரே ஓர் எழுத்தை ஒப்பிடுவதற்காக இரண்டு புத்தகத்தையும் ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோய் முழுக்க நகல் எடுத்து வந்து, ஒப்பிட்டுவிட்டு, குப்பையில் போட்டுவிட்டு, மறுபடி கடைக்குப் போவது போல. எடுக்கும் இடம் வேகமானதுதான், ஆனாலும் ஒரு நொடியில் முடியாது.

ஓர் `&` போதும்: `const string &a, const string &b`. அல்லது இரண்டையும் ஃபங்ஷனுக்கு வெளியே குளோபலாக வைத்துவிடுங்கள். பெரிய மென்பொருளில் குளோபல் வைத்தால் திட்டுவார்கள். 30 வரி லேப் நிரலில் நான் திட்ட மாட்டேன்.

இதே `&`-ஐ மெமோ அட்டவணைக்கு மறந்தால் கதை வேறு. ஒருவர் `vector<vector<int>> memo` என்று நான்கோடு ஐந்தாவதாகக் கொடுத்திருக்கிறார், `&` இல்லை. இங்கே நகல் எடுக்கும் செலவு ஒரு பக்கம். அதைவிட மோசம், அந்தப் பக்கம் எழுதியது இந்தப் பக்கத்துக்கு வந்து சேர்வதில்லை. கீழே போன அழைப்பு தன் நகலில் விடையைக் குறித்துக்கொள்கிறது, திரும்பும்போது அந்த நகல் அழிந்துவிடுகிறது. வலப்பக்கக் கிளை பழைய காலி அட்டவணையோடு தொடங்குகிறது. ஆகவே 15 எழுத்துக்கு மறுபடியும் அதே 31 கோடி, மெமோ இருந்தும். 2000 எழுத்துக்கு அட்டவணை ஒன்றே 16 எம்.பி.; பத்திருபது அழைப்பு ஆழம் போவதற்குள் 256 எம்.பி. தீர்ந்துவிடும். அதனால் இவருக்குச் சிறிய டெஸ்ட் கேஸில் `Time Limit Exceeded`, பெரியதில் `Memory Limit Exceeded`. நேரம் தாண்டிய நிரல் பெரிய உள்ளீட்டில் திடீரென்று நினைவகத்தைத் தாண்டினால் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் இதுதான்.

உங்கள் நிரலில் இருப்பது எந்தக் கோளாறு என்பதைக் குறியீட்டைப் படிக்காமலே ஓரளவு சொல்லிவிடலாம். `A`-க்களும் `B`-க்களும் கொடுத்து நேரத்தை அளங்கள். ஒரே ஓர் எழுத்து கூட்டினால் நேரம் நான்கு மடங்காகிறதா? கேட்டதையே கேட்கிறது, மெமோ இல்லை, அல்லது இருந்தும் பயன்படவில்லை. ஓர் எழுத்து கூட்டினால் ஒன்றும் தெரியவில்லை, நீளத்தை இரட்டிப்பாக்கினால் நான்கு மடங்காகிறதா? இந்த முறைக்கு அதுதான் நியாயமான வேகம். கட்டங்களே நான்கு மடங்காகின்றன. இரட்டிப்பாக்கும்போது எட்டு மடங்கை நெருங்குகிறதா? ஒவ்வோர் அழைப்பிலும் நீளத்துக்கு ஏற்ற ஒரு வேலை ஒளிந்திருக்கிறது, பெரும்பாலும் நகல். இரட்டிப்புச் சோதனையை 500, 1000, 2000 என்று செய்யுங்கள். 50, 100 எல்லாம் செய்தால் நிரல் தொடங்கும் நேரமே பெரிதாகத் தெரியும், மடங்கு ஒன்றும் பிடிபடாது.

லூப் பற்றிக் கேட்டதற்கு வருகிறேன். லூப் போட்டவர்கள் எல்லோரும் பாஸ். அவர்கள் எழுதியதன் உள்பகுதி ஏறக்குறைய இப்படி:

```cpp
for (int i = n - 1; i >= 0; i--)
    for (int j = m - 1; j >= 0; j--)
        d[i][j] = a[i] == b[j] ? d[i+1][j+1] + 1
                               : max(d[i+1][j], d[i][j+1]);
```

இதையும் திருத்தப்பட்ட ரிகர்ஷனையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே ஒப்பீடு, அதே `max`, அதே அட்டவணை. வித்தியாசம் ஒன்றுதான். ரிகர்ஷனில் மெமோவை மறக்கலாம், மறந்தாலும் விடை சரியாகவே வரும், நேரம் மட்டும் போகும். லூப்பில் அட்டவணை இல்லாமல் நிரலே எழுத முடியாது. மறக்க வழி இல்லாததால் பாஸ் ஆகியிருக்கிறார்கள். லூப் சற்று வேகமாக ஓடும் என்பதும் உண்மை, அழைப்பின் செலவு மிச்சம். ஆனால் 75 வருடத்தை ஒரு நொடிக்குள் கொண்டுவந்தது அந்த மிச்சம் இல்லை.

ரிகர்ஷனுக்கு நிஜமான ஒரு வரம்பு இருக்கிறது, அது ஆழம். இந்தக் கணக்கில் ஒரு நேரத்தில் அதிகபட்சம் 4000 அழைப்பு ஒன்றுக்குள் ஒன்றாக நிற்கும். சி++-இல் அது ஒன்றுமில்லை. பைத்தானில் வழக்கமான வரம்பு 1000. பைத்தானில் எழுதிய இரண்டு பேருக்கு `RecursionError` வந்தது அதனால்தான். `sys.setrecursionlimit` வைத்து ஏற்றலாம். ஆனாலும் 80 லட்சம் அழைப்பைப் பைத்தான் ஒரு நொடியில் முடிக்காது. அங்கே லூப்புக்கு மாறுவதே நல்லது, அதுவும் இரண்டே வரிசை வைத்துக்கொண்டு. அந்த இருவரில் ஒருவர் ஃபங்ஷனுக்கு மேல் `@lru_cache` என்று மட்டும் போட்டிருந்தார். அப்படி வெறுமனே போட்டால் அது கடைசியாகப் பயன்பட்ட 128 விடைகளை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தூக்கி எறிந்துவிடும். சின்னச் சொற்களுக்கு அது போதும். 2000 எழுத்தில் ஒரு வரிசையே 2000 கட்டம். தேவைப்படும்போது விடை போயிருக்கும். `@lru_cache(maxsize=None)` என்று எழுத வேண்டும்.

கடைசியாக ஒன்று. இது நேரம் தாண்டியதல்ல, மெமோ போட்டதும் `Wrong Answer` ஆனது. நேரத்தைச் சரிசெய்யப் போய் விடையைக் கெடுத்துக்கொண்ட கதை என்பதால் சேர்க்கிறேன். அந்தத் தங்கையின் ஃபங்ஷன் `f(i, j, c)`. இதுவரை சேர்த்த நீளத்தை `c` என்று கையோடு எடுத்துப் போகிறார், சொல் முடிந்ததும் `c`-யைத் திருப்புகிறார். மெமோ இல்லாதவரை விடை சரி. `memo[i][j]` வைத்ததும் தப்பு. ஏனென்றால் (i, j)-க்கு முதல் முறை வரும்போது கையில் 2 இருந்தது, அடுத்த முறை வேறு வழியில் வரும்போது 3 இருக்கிறது; திரும்பும் விடையில் அந்த 2 ஏற்கெனவே கலந்திருக்கிறது. எழுதி வைத்தது அந்தக் கட்டத்தின் விடை இல்லை, அந்த வழியின் விடை. `memo[i][j][c]` என்று வைத்தால் சரியாகும், ஆனால் 800 கோடி கட்டம் வேண்டும். `c`-யையே எடுத்துவிட்டு, இங்கிருந்து கடைசி வரை எவ்வளவு கிடைக்கும் என்பதை மட்டும் திருப்பச் சொல்லுங்கள், மேலே உள்ள நிரலைப் போல. வந்த வழியை ஃபங்ஷன் தெரிந்துகொள்ளத் தேவையில்லை.

மறுபடி சமர்ப்பிக்க வெள்ளி இரவு 12 மணி வரை நேரம் வாங்கியிருக்கிறேன். அதற்கு மேல் கேட்டால் சார் எனக்கு அந்த இன்னொரு மெமோவைக் கொடுத்துவிடுவார். சமர்ப்பிக்கும் முன் `cnt++` வரியை எடுத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை லேபுக்கு வரும்போது ஒரு காகிதத்தில் ஓர் எண்ணை எழுதி வாருங்கள்: முதல் சொல் 12 எழுத்து, இரண்டாவது 9 எழுத்து, பொது எழுத்து ஒன்றும் இல்லை, மெமோவும் இல்லை. `f` எத்தனை முறை அழைக்கப்படும்? ஓட்டிப் பார்க்காமல் எழுத வேண்டும். லேபில் நானே ஓட்டிக் காட்டுகிறேன்.

உங்கள் லேப் அக்கா